கெடு வரும் முன்னே ஒரு கடிதம்

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டை எங்கள் ஆட்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். அங்கே சரக்கு கைக்காசுக்கு நகர்ந்ததைவிடக் கடனில் நகர்ந்ததே அதிகம். எழுபதுகளின் கடைசியில் அந்தத் தெருவின் மொத்த மளிகைக் கடை ஒன்றில் கணக்கெழுத உட்கார்ந்தேன். மிளகாய் வற்றல், மல்லி, சீரகம், சோம்பு, பருப்பு வகைகள் எல்லாம் பெரிய இறக்குமதிக்காரர்களிடமிருந்து அறுபது நாள் கெடுவில் வரும். எங்களிடமிருந்து நாசி கண்டார் கடைகளுக்கும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும், கல்யாணச் சமையல்காரர்களுக்கும் முப்பது நாள் கெடுவில் போகும். வரவேண்டியது வந்தால்தான் கொடுக்கவேண்டியதைக் கொடுக்க முடியும். நடுவே ஒரு கண்ணி அறுந்தால் பணம் முடைப்பட்டுப்போகும். அப்போது சரக்கு கொடுத்தவரிடம் கூடுதல் நாள் கேட்டாக வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற முக்கியமான பாடம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்குக் கடிதம் எழுதும் பழக்கம் கிடையாது. கெடு நெருங்கினால் முதலாளி வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரிலே போய்விடுவார். பினாங்கு ஸ்திரீட்டில் அப்போதும் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே அடுத்தாளிடம் பேசி முடிக்கும் கணக்கெல்லாம் வாய்ச்சொல்லிலேயே முடியும். கொடுத்தவருக்கு வாங்கியவரின் தகப்பனாரைத் தெரியும், கடையில் எத்தனை மூட்டை அடுக்கியிருக்கிறது என்பதும் தெரியும். கணக்கப்பிள்ளைக்குப் பேரேட்டில் பென்சிலால் புதுத் தேதியைக் குறிப்பது மட்டும்தான் வேலை.

தொண்ணூறுகளில் இது மாறியது. இறக்குமதிக்காரர்கள் பலர் கம்பெனிகளாகி, கிடங்கைப் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கொண்டுபோனார்கள். கடனை யாருக்கு நீட்டுவது, யாருக்கு நிறுத்துவது என்று முடிவு செய்யும் இடத்தில் எங்கள் கடை வாசலையே மிதிக்காத ஒரு கணக்கு மேனேஜர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு முதலாளியின் முகம் தெரியாது. அவர் மேசையில் இருப்பது நிலுவைப் பட்டியல் ஒன்றுதான். முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள், அதற்கும் மேல் என்று கட்டம் கட்டிய பட்டியல். எந்தக் கட்டத்தில் எங்கள் பெயர் விழுகிறதோ அதுதான் எங்கள் முகம். அன்றிலிருந்து நேரில் பேசுவதோடு எழுத்திலும் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கடிதங்களை நான் எழுதக் கற்றுக்கொண்டது பிறர் எங்களுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துத்தான். 1997 நடுவில் ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டாக இருந்த விலை, 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி அரசாங்கம் அதை 3.80 என்று கட்டி நிறுத்தியது. பத்தாயிரம் டாலர் விலையுள்ள பருப்புக் கண்டெய்னருக்கு 25,000 ரிங்கிட் கட்டி எடுத்தவர், அதே சரக்குக்கு 48,000க்கு மேல் கட்ட வேண்டிய மாதம் அந்த ஜனவரி. இறக்குமதிக்காரர்கள் எங்களுக்குக் கொடுத்த அறுபது நாளைச் சுருக்கினார்கள். எங்களிடம் வாங்கியவர்களோ முப்பது நாளை நீட்டச் சொல்லி எழுதினார்கள்.

ஒரே வாரத்தில் வந்த இரண்டு கடிதங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒன்று இரண்டு பக்கம். நாட்டு நிலைமை, நாணய வீழ்ச்சி, பல ஆண்டுப் பழக்கம், எங்கள் பெருந்தன்மை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'கூடிய விரைவில் கணக்கை நேர் செய்கிறோம்' என்று முடிந்தது. எழுதியவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்த முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு இன்னும் நம்ம சரக்கு எவ்வளவு வெளியே நிக்குது?" என்பதுதான். அன்றே அந்தக் கடைக்குக் கடன் சரக்கு நின்றது.

இன்னொன்று அரைப் பக்கம்கூட இல்லை. பாக்கி இவ்வளவு, இந்த மாதம் பதினைந்தாம் தேதி இவ்வளவு, மாதக் கடைசியில் இவ்வளவு, அடுத்த மாதம் மீதி, அதுவரை வாங்கும் சரக்குக்கெல்லாம் கைக்காசு என்று இருந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளி, "தேதியக் குறிச்சு வச்சுக்க" என்றார். சரக்கு நிற்கவில்லை.

பணம் தரவேண்டியவரிடமிருந்து கடிதம் வந்தால் கொடுத்தவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாக்கி இனி ஏறுமா, இறங்குமா? அதற்குப் பதில் சொல்லாத கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும், எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அவருடைய பயத்தைக் கூட்டத்தான் செய்யும். பழைய பாக்கியைத் தனியே நிறுத்தி, புது வியாபாரத்தைக் கைக்காசுக்கு மாற்றியதும் பாக்கி ஏற வழியில்லாமல் போகிறது. அதற்குப் பிறகு நாள் கேட்பது எளிது.

நாள் கேட்கவே கூடாத சமயமும் உண்டு. ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு, 1997இல் வந்த ரத்துச் சட்டத்தின்படி 2000 ஜனவரி முதல் முற்றாக நீங்கியது. தாத்தா காலத்து வாடகையில் கடை நடத்தியவர்களுக்கு வாடகை பல மடங்கு ஏறியது. அப்போது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் சரக்கு கொடுத்தவர்களுக்கு எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய வரவுசெலவைப் பார்த்துவிட்டுச் சிலரிடம், "அண்ணே, இதுக்குக் கடிதம் உதவாது" என்றேன். ஏறிய வாடகை அடுத்த மாதம் இறங்கப் போவதில்லை. மூன்று மாதம் கூடுதலாக வாங்கினால், மூன்று மாதம் கழித்து அதே பள்ளத்தில் இன்னும் பெரிய பாக்கியோடு நிற்க வேண்டியதுதான். அவர்கள் செய்ய வேண்டியிருந்தது கடையைச் சுருக்குவது, மாடியை விடுவது, லாபமில்லாத சரக்கைக் கைவிடுவது. வரவேண்டிய பணம் தாமதமாகி, அது வரும் வழி கண்ணுக்குத் தெரிந்தால் அது முடை. வரவே செலவைத் தாங்கவில்லை என்றால் அது வேறு நோய். சரக்கு கொடுப்பவர் இந்த வித்தியாசத்தை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். ஆகையால் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எந்தப் பணம் எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்பதைச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எழுதாமல் இருப்பதே நல்லது.

2015 ஏப்ரலில் ஆறு விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது இன்னொரு பழக்கம் சேர்ந்தது. வாங்கிய சரக்குக்கான வரியை நாம் கழித்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அந்தப் பில்லுக்கு ஆறு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால், கழித்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. அதனால் தவணை கட்டும்போது எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கினோம், பழைய பில்லை முதலில் அடைத்தோம். 2018 ஜூனில் அந்த வரி பூச்சியமாகி, பிறகு போயே போய்விட்டது. பில் வாரியாக எழுதும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. 'கணக்கில் 2,000' என்று பொத்தாம்பொதுவாகக் கட்டினால் இரு தரப்புப் பேரேடும் சீக்கிரமே வேறு வேறு கதை சொல்லும்.

இத்தனை ஆண்டுப் பாடமும் ஒன்றாகத் தேவைப்பட்டது 2020இல்.

அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. மளிகை அத்தியாவசியப் பொருள் என்பதால் எங்கள் கடை திறந்திருந்தது. ஆனால் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும்தான். கல்யாணச் சமையல் அடியோடு நின்றது. பதினோரு சாப்பாட்டுக் கடைகளிலிருந்து எங்களுக்கு வரவேண்டியது 61,000 ரிங்கிட். நாங்கள் பட்டர்வொர்த் பக்கத்து இறக்குமதிக்காரர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியது மூன்று பில்: ஜனவரி மாதத்துக்கு 21,400, பிப்ரவரிக்கு 18,700, மார்ச் முதல் பாதிக்கு 8,500. மொத்தம் 48,600. முதல் பில்லின் கெடு ஏப்ரல் 10. அரிசி, வெங்காயம், பூண்டு எல்லாம் முன்பிருந்தே கைக்காசுக்கு வாங்கியதால் பெரிய பாக்கி இவர் ஒருவருக்குத்தான்.

முதலாளியின் மகன் அப்போது கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாரத்தில் சில நாள் மட்டும் கணக்குப் பார்க்கப் போவேன். "ஐயா, நாளைக்கே ஒரு கடிதம் எழுதிருவோமா?" என்று கேட்டார். "ரெண்டு வாரம் கல்லாவப் பாப்போம் தம்பி, பத்தாம் தேதிக்கு முன்னால எழுதிரலாம்" என்றேன். புது நிலைமையில் வாரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று தெரியாமல் எழுதும் தவணை வெறும் ஆசைதான்.

முதலில் பாக்கித் தொகையைச் சரிபார்த்தேன். அவர்கள் அனுப்பிய மாதக் கணக்கில் 49,450 என்று இருந்தது. எங்கள் பேரேட்டில் 48,600. வித்தியாசம் 850. பிப்ரவரியில் ஈரம் பட்டு வந்த மிளகாய் வற்றல் மூட்டைகளைத் திருப்பி அனுப்பியிருந்தோம். அதற்கான வரவுச்சீட்டு அவர்கள் கணக்கில் ஏறவில்லை. லாரிக்காரர் கையெழுத்திட்ட திரும்பல் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, திருத்திய கணக்கை வாங்கிய பிறகுதான் கடிதத்தில் கை வைத்தேன். இது சில்லறை விஷயமல்ல. மலேசியாவில் வியாபாரக் கடனுக்கு வழக்குப் போடும் கெடு ஆறு ஆண்டு. கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்த ஆறு ஆண்டு அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். நாள் கேட்கும் கடிதம் கடனை ஒப்புக்கொள்ளும் பத்திரமும் கூட. தவறான தொகையைப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டால், பின்னால் "அதில் 850 எங்களுடையது" என்று சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது வாரக் கணக்கு. கட்டுப்பாடு வந்த முதல் வாரம் சில்லறை விற்பனை 8,000, அடுத்த வாரம் 9,500. நான் எடுத்துக்கொண்டது 8,000. விற்ற சரக்கை மறுபடி வாங்கி வைக்க 5,600 வேண்டும். சம்பளம், வாடகை, மின்சாரம், வண்டிச் செலவு வாரத்துக்கு 1,700. மிச்சம் 700. சாப்பாட்டுக் கடைகளிலிருந்து முதல் வாரம் 900 வந்தது, இரண்டாம் வாரம் 400. எடுத்துக்கொண்டது 400. ஆக மோசமான வாரத்திலும் கைக்கு 1,100 வரும் என்று தெரிந்தது. தவணையை 1,000 என்று வைத்தேன். சராசரியைப் போட்டிருந்தால் 1,500 என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதல் மோசமான வாரமே தவறியிருக்கும். தவணைத் திட்டத்தில் தொகை சிறியதாக இருப்பதைச் சரக்கு கொடுப்பவர் பொறுத்துக்கொள்வார். முதல் மாதத்திலேயே தவறினால் மொத்தத் திட்டமும் அவருக்குச் செல்லாக் காசாகிவிடும்.

ஆனால் வாரம் 1,000 என்றால் 48,600 அடைய ஓராண்டுக்கு அருகே ஆகும். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொகையைக் கூட்ட வேண்டுமானால், கூடுதல் எங்கிருந்து வரும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். எனவே எங்களுக்குத் தரவேண்டிய பதினோரு கடைக்காரர்களிடமும் முதலில் பேசினோம். எட்டுப் பேர் நோன்புப் பெருநாள் முடிந்ததும் வாராவாரம் கட்டுவதாக வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு பெருநாள் மே 24. எட்டுப் பேரின் வாக்கையும் கூட்டினால் வாரத்துக்கு 2,800 வந்தது. நான் பாதியை மட்டும் கணக்கில் எடுத்தேன், 1,400. கடையில் மிஞ்சும் 700ஐச் சேர்த்தால் 2,100. ஆக, மே 29 முதல் தவணை 2,000. இப்படி எட்டு வாரம் 1,000, பிறகு இருபது வாரம் 2,000, கடைசியாக ஒரு 600 என்று திட்டம் அக்டோபர் 16இல் முடிந்தது. தீபாவளி நவம்பர் 14. பண்டிகைச் சரக்கு எடுக்கும் முன் பழைய பாக்கி ஒழிந்துவிடும்.

கடிதத்தை ஏப்ரல் 1ஆம் தேதி, கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் அனுப்பினோம். அவர்களுடைய ஆடிட்டரும் பேங்கும் படிக்கக்கூடும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதியது. அதன் சாரம் தமிழில் இது:

'தங்களுக்கு நாங்கள் தரவேண்டியது, திருத்திய கணக்கின்படி, மூன்று பில்லுக்கு 48,600 ரிங்கிட். முதல் பில்லின் கெடு ஏப்ரல் 10. அன்று 21,400 முழுவதையும் கட்ட எங்களால் இயலாது. பதினோரு சாப்பாட்டுக் கடைகளிலிருந்து எங்களுக்கு 61,000 வரவேண்டியிருக்கிறது. கட்டுப்பாட்டினால் அது தாமதமாகிறது. அவர்களில் எட்டுப் பேர் தவணை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3 முதல் மே 22 வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 1,000 ரிங்கிட், மே 29 முதல் அக்டோபர் 9 வரை 2,000, அக்டோபர் 16 அன்று 600 கட்டுகிறோம். பணம் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழிக்கப்பட வேண்டும். இன்று முதல் வாங்கும் சரக்குக்கெல்லாம் இறக்கும்போதே பணம். சாப்பாட்டுக் கடைகளிலிருந்து ஒரு வாரத்தில் 1,500க்கு மேல் வசூலானால், மேல் வந்ததில் பாதியைக் கூடுதலாகக் கட்டுகிறோம். எந்த வாரமாவது தொகை குறையும் என்று தெரிந்தால் புதன்கிழமைக்குள் எழுதித் தெரிவிப்போம்.

முதல் தவணையைத் தங்கள் பதிலுக்குக் காத்திராமல் ஏப்ரல் 3 அன்று கட்டுகிறோம்.'

கீழே முதலாளியின் மகன் கையெழுத்து, அதோடு பில் வாரியான ஒரு அட்டவணை. வேறொன்றும் இல்லை. கட்டுப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அது உலகத்துக்கே தெரிந்த செய்தி, இறக்குமதிக்காரருக்கும் அதே கஷ்டம்தான்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை காலை 1,000 ரிங்கிட்டை வங்கி வழியே அனுப்பி, சீட்டையும் படம் எடுத்து அனுப்பினோம். மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே பொறுப்பில் இருந்த இளைஞர்.

"ஐயா, கடிதம் நல்லாருக்கு. ஆனா ஏப்ரல்லருந்து ஆறு மாசத்துக்கு பேங்க் தவணையே கட்ட வேணாம்னு சொல்லிட்டாங்களே. அந்தக் காசையும் சேத்து எங்களுக்குக் கட்டலாமே?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலைக் கையில் வைத்திருந்தேன். சிறு தொழில்களுக்கு வங்கித் தவணை ஒத்திவைப்பு ஏப்ரல் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடிந்தது. எங்கள் வங்கித் தவணை மாதம் 2,400. "தம்பி, நான் போட்ட 1,700 செலவுல பேங்க் காசு கிடையாது. அத விட்டுத்தான் உங்களுக்கு 1,000. அக்டோபர்ல பேங்க் மறுபடி ஆரம்பிச்சிரும். அதனாலதான் அக்டோபர் நடுவுல உங்க கணக்க முடிக்கிறேன்" என்றேன். வாரக் கணக்கு எழுதிய தாளையும் அனுப்பிவைத்தேன். கேட்டபின் காட்டும் தாள் முன்பே தயாராக இருக்க வேண்டும். கடிதத்தோடு எல்லாவற்றையும் கொட்டினால் யாரும் படிப்பதில்லை.

அடுத்து அவர் கேட்டது காசோலை. "மீதி இருபத்தெட்டுத் தவணைக்கும் செக் தேதி போட்டுக் குடுத்துருங்க. எங்க பேங்க்ல காட்டணும்."

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பின்தேதி போட்ட காசோலைக் கட்டு கொடுப்பது கடைத்தெருவில் பழைய வழக்கம். பலரை அதுவே கவிழ்த்தும் இருக்கிறது. ஒரு வாரம் 200 ரிங்கிட் குறைந்தாலும் 2,000க்கான காசோலை திரும்பிவிடும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று காசோலை திரும்பினால் வங்கி நடப்புக் கணக்கையே மூடிவிடும். பிறகு எந்த வங்கிக்குப் போனாலும் அந்தப் பதிவு தெரியும். தவணையில் 200 குறைவது ஒரு போனில் தீரும். திரும்பிய காசோலை தீராது.

ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் மறுப்பதில் பயனில்லை. இறக்குமதிக்காரர் சரக்கை எடுப்பது வங்கிப் பணத்தில். கப்பல் வந்ததும் வங்கி வெளிநாட்டு வியாபாரிக்குப் பணம் கட்டிவிடும். இவர் 90 அல்லது 120 நாளில் வங்கிக்குக் கட்ட வேண்டும். எங்கள் ஜனவரிச் சரக்குக்கு அவர் வங்கியில் பட்ட கடனின் கெடு மே மாதத்தில் விழுந்தது. அதை நீட்டிக்க வங்கியைக் கேட்கும்போது, தனக்கு வரவேண்டிய பணம் உறுதியானது என்று காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு, தேதிகள் போட்டு, கையெழுத்திட்ட எங்கள் கடிதமே அதற்குப் போதும் என்று அவர் வங்கியில் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். பதிலாக ஒன்று கேட்டார்: வெள்ளிக்கிழமை மதியம் தாண்டக் கூடாது. சரி என்றோம். அவர் ஒப்புக்கொண்டதை இரண்டு வரியில் எழுத்தில் வாங்கினேன். நாம் எழுதிய கடிதம் நம் பக்கத்து வாக்கு மட்டும்தான். அவர் பக்கத்து வாக்கும் தாளில் இருந்தால்தான் நடுவில் ஆள் மாறினாலும் ஏற்பாடு நிற்கும்.

முதல் வாரங்கள் எதிர்பார்த்தபடியே போயின. ரமலான் சந்தைகள் அந்த ஆண்டு நடக்கவில்லை. ஆனால் வீட்டுச் சமையல் கூடியதால் மசாலாச் சரக்கு சில்லறையில் ஓரளவு ஓடியது. இறக்கும்போதே பணம் என்றதால் சின்னச் சின்னதாக, வாரம் இருமுறை வாங்கினோம். இறக்குமதிக்காரருக்கு அது அனுகூலம். பழைய பாக்கி இறங்குகிறது, புதுப் பணமும் வருகிறது.

ஜூலையில் ஒரு வாரம், இரண்டு சாப்பாட்டுக் கடைகள் ஒரே நேரத்தில் கைவிரித்தன. செவ்வாய்க்கிழமை மாலையே 1,200தான் தேறும் என்று தெரிந்துவிட்டது. புதன் காலை எழுதினோம்: இந்த வெள்ளிக்கிழமை 1,200, மீதி 800 அடுத்த வெள்ளிக்கிழமைத் தவணையோடு சேர்த்து 2,800. அங்கிருந்து 'சரி' என்று ஒரு சொல் வந்தது. இரண்டே நாள் தாமதித்து வெள்ளிக்கிழமை மாலை அதே செய்தியைச் சொல்லியிருந்தால் அது தவறிய தவணை. புதன்கிழமை சொன்னதால் அது திருத்திய தவணை. அவருடைய வாரக் கணக்கில் எங்கள் 2,000ஐ நம்பி அவர் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்கை மாற்றிக்கொள்ள அவருக்கு இரண்டு நாள் வேண்டும்.

சாப்பாட்டுக் கடைகள் மெல்ல எழுந்ததும் வசூல் சில வாரம் 1,500ஐத் தாண்டியது. ஒப்புக்கொண்டபடி மேல் வந்ததில் பாதியைக் கட்டினோம். அப்படிச் சேர்ந்தது 6,600. அதனால் அக்டோபருக்குக் காத்திராமல் செப்டம்பர் 18ஆம் தேதியே கணக்கு முடிந்தது. அந்தப் பாதி என்ற ஏற்பாட்டில் கவனித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேல் வந்த முழுவதையும் தருகிறேன் என்று எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் அடுத்த மோசமான வாரத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஜூலையில் நாங்கள் 1,200ஆவது கட்ட முடிந்தது, முந்தைய வாரங்களில் கையில் நிறுத்திய பாதியினால்தான்.

பாக்கி தீர்ந்ததோடு பலர் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். நான் அன்றே இரண்டு காரியம் செய்தேன். பாக்கி பூச்சியம் என்று காட்டும் கணக்கை அவர்கள் கையெழுத்தோடு கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தேன். கடனை ஒப்புக்கொண்ட நம் கடிதம் அவர்கள் கோப்பில் இருக்கும்போது, அது தீர்ந்ததற்கான தாள் நம் கோப்பில் இருக்க வேண்டும். அடுத்து, பழைய கெடுவைத் திரும்பக் கேட்டு ஒரு சிறு கடிதம் எழுதினோம். இதற்கு யாரும் தாமாக முன்வரமாட்டார்கள். கேட்காவிட்டால் கைக்காசு வியாபாரமே நிரந்தரமாகிவிடும். பழைய அறுபது நாளை உடனே கேட்காமல், முப்பது நாள் கெடு, 10,000 ரிங்கிட் வரம்பு, தீபாவளிச் சரக்குக்கு மட்டும் என்று கேட்டோம். கொடுத்தார்கள்.

அந்த நவம்பரில் மறுபடி கட்டுப்பாடு இறுகியது. 2021 ஜனவரி 13ஆம் தேதி பினாங்கும் சேர்ந்து மீண்டும் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பண்டிகைச் சரக்கில் 6,300 ரிங்கிட் பாக்கி அப்போது நின்றது. முதலாளியின் மகன் போனை எடுத்து, "போன தடவை மாதிரியே வெள்ளிக்கிழமை 1,000, ஏழு வாரம், அதுல கடைசி வாரம் 300" என்றார். எதிர்முனையில் ஒரு கேள்வியும் இல்லை. பேசியதைப் பிறகு எழுத்திலும் அனுப்பினோம். முன்பு அனுப்பிய அட்டவணையில் தேதிகளையும் தொகையையும் மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது.